போட்ட துண்டை யார் எடுப்பது?

அது ஒரு வெள்ளிக்கிழமை, அக்டோபர் மாதம். மாலை 5:34க்கு சாட்டில் ஒரு செய்தி வந்தது.

"என்னங்க, இன்டர்வியூ லிங்க் இன்னும் வரலையே. லண்டன்காரரும் ஆன்லைன்ல இல்லீங்க. இன்னிக்குத்தானே?"

அனுப்பியவர் சேலத்துக்காரர். எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் ஒரு டீமுக்கு மேலாளர். உடனே என் கேலண்டரைத் திறந்து பார்த்தேன். அன்று ஐந்தரை மணிக்கு எதுவுமே இல்லை. வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது. அவருடைய கேலண்டரிலோ ஒரு மணி நேரம் அடைபட்டுக் கிடந்தது.

பெங்களூரில் ஒன்பது வருடமாக நேர்காணல்களுக்கு நேரம் பிடித்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். ஆளை எடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்குப் பங்கு கிடையாது. மூன்று நான்கு பேருடைய ஒரே ஒரு மணி நேரத்தை ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஊரில் கேட்டால் "கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். கல்யாணத் தரகர் வேலை மாதிரி என்று ஒருமுறை அம்மாவிடம் விளக்கினேன். "அப்போ கமிஷன் எவ்வளவு?" என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஒரு மூத்த பதவிக்கு நேர்காணல். பேனலில் மூன்று பேர்: லண்டனில் ஒரு டைரக்டர், பெங்களூரில் இந்தச் சேலத்துக்காரர், இன்னொரு பெண் மேலாளர். லண்டன் டைரக்டரிடம் பகல் ஒரு மணி தவிர வேறு இடமில்லை. அக்டோபரில் கடைசி ஞாயிறு வரை லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அதற்குப் பிறகு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், ஐந்தரை மணி நேரமாகிவிடும். இது மாறுவதற்கு முந்தைய வாரங்களில் நடந்தது. எனவே அவருடைய ஒரு மணி, நமக்கு மாலை ஐந்தரை.

கேண்டிடேட் வேறொரு கம்பெனியில் வேலையில் இருப்பவர். எந்த நாள் தோதுப்படும் என்று உடனே சொல்ல அவரால் முடியவில்லை. அதனால் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் ஐந்தரையையும் பிடித்து வைத்தோம். மூன்று பேர், மூன்று நாள். மொத்தம் ஒன்பது மணி நேரம். அதில் உண்மையில் பயன்படப்போவது மூன்றுதான். மீதி ஆறு மணி நேரம், நடக்கவே நடக்காத ஒரு கூட்டத்துக்காக மற்றவர்களுக்கு மூடிக் கிடக்கும். இதைத்தான் எங்கள் பாஷையில் ஹோல்டு என்பார்கள்.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதை நினைத்துக்கொண்டால் போதும், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தத் துண்டுக்கு ரசீது கிடையாது, நடத்துநரின் சம்மதம் கிடையாது. ஆனாலும் நின்றுகொண்டிருக்கிறவர் அதை மதிக்கிறார். துண்டுக்காரர் பஸ் கிளம்புவதற்குள் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் அந்த மதிப்பு ஓடுகிறது. அவருக்கு முன்பக்கம் வேறு சீட் கிடைத்துவிட்டால், வந்து துண்டை எடுத்துக்கொண்டு, "உக்காருங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? காலியான சீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் மதுரை வரை நின்றுகொண்டு வருவார்.

எங்கள் கதையில் நின்றுகொண்டு வந்தவர் சேலத்துக்காரர்.

திங்கள் மாலை கேண்டிடேட், புதன்கிழமை தோது என்று பதில் சொன்னார். புதனை உறுதி செய்தேன். வியாழன் ஹோல்டை ரத்து செய்தேன், எல்லாருக்கும் தகவல் போனது. வெள்ளி ஹோல்டையும் கிளிக் செய்து அழித்தேன். என் திரையிலிருந்து அது மறைந்தது. முடிந்தது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆனால் அந்த வெள்ளி ஹோல்டைப் போட்டது நானில்லை. நான் இரண்டு நாள் லீவில் இருந்தபோது எங்கள் டீமில் இன்னொரு பெண் போட்டது. புதனும் வியாழனும் நான் திரும்பி வந்து சேர்த்தவை. அதாவது, வெள்ளி ஹோல்டில் நானும் அழைக்கப்பட்டவர்களில் ஒருத்திதான். அழைக்கப்பட்ட ஒருவர் தன் கேலண்டரிலிருந்து ஒரு நிகழ்வை நீக்கினால் அவருடைய பிரதி மட்டும்தான் போகும். அதிகபட்சம், கூட்டத்தை ஏற்பாடு செய்தவருக்கு "இவர் வரவில்லை" என்று ஒரு தகவல் போகும். மற்றவர்களின் கேலண்டரில் அது அப்படியே இருக்கும். எல்லாருக்கும் சேர்த்து ரத்து செய்ய ஏற்பாட்டாளரால்தான் முடியும். அந்தப் பெண்ணோ அக்காவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். நான் வரவில்லை என்ற தகவல் அவளுடைய இன்பாக்ஸில் யாரும் திறக்காமல் கிடந்தது.

அடுத்தவர் துண்டை நான் எடுக்க முடியாது என்பது ஒன்பது வருட அனுபவத்துக்குப் பிறகு புரிந்தது. வெட்கம்தான். இப்போது ஒரு ஹோல்டைத் தொடுவதற்கு முன்னால் அதைத் திறந்து, ஏற்பாட்டாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கிறேன். அங்கே நீக்கு என்ற பொத்தானா, ரத்து செய் என்ற பொத்தானா என்பதிலேயே தெரிந்துவிடும். அவுட்லுக்கில் ஏற்பாட்டாளருக்குத்தான் கூட்டத்தை ரத்து செய்யும் பொத்தான் வரும்.

"ஏங்க, புதன்கிழமையே அந்த ஆளை அவரும் இன்டர்வியூ பண்ணியாச்சே, அப்புறம் வெள்ளிக்கிழமை ஏன் உட்கார்ந்திருக்கார்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடு என்றே சொல்ல வேண்டும். தப்பு நம் பக்கம் இருக்கும்போதுதான் குரல் கொஞ்சம் உயருகிறது. அவர் அமைதியாகப் பதில் சொன்னார்: "நான் இது வேற கேண்டிடேட்னு நெனச்சேங்க. மேல வெறும் HOLD - Interviewனுதானே போட்டிருக்கு."

சரிதான். நாங்கள் கேண்டிடேட் பெயரைக் கேலண்டர் தலைப்பில் போடுவதில்லை. யார் யாருடைய கேலண்டரையோ எட்டிப் பார்க்க முடிகிற இடம் அது. வேறு கம்பெனியில் வேலையில் இருப்பவர் இங்கே வருகிறார் என்பது அங்கே தெரியக் கூடாது. பெயரை எடுத்தது நியாயம். அதற்குப் பதிலாக எதையும் வைக்காமல் விட்டது அநியாயம். மூன்று ஹோல்டும் ஒரே தலைப்பு. எது எதற்கு மாற்று என்று பார்க்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

அன்று அவர் இழந்தது என்ன என்பது திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. பெங்களூரில் வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவதும் எட்டு மணிக்குக் கிளம்புவதும் வேறு வேறு ஊருக்குப் போவது மாதிரி. மடிவாளாவிலிருந்தும் சில்க் போர்டிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ்கள் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூரைத் தொடுவதற்குள்ளேயே பாதி ராத்திரி ஆகிவிடும். அவர் ஐந்து மணி பஸ்ஸில் போட்டிருந்த டிக்கெட்டை இந்த ஹோல்டைப் பார்த்துக் கேன்சல் செய்துவிட்டு, இரவு பத்து மணி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். மறுநாள் காலை தங்கை மகளுக்குக் காதுகுத்து. மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், விடிகாலை மூன்று மணிக்கு சேலம் போய் இறங்கி, தூங்காத கண்ணோடு போட்டோவில் இருக்கிறார். படத்தைக் காட்டி, "பாருங்க, குழந்தையவிட நான்தான் அழுவுற மாதிரி இருக்கேன்" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த ஹோல்டு என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன்.

வெவ்வேறு கேலண்டர் செயலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐகேலண்டர் என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. மின்னஞ்சலில் .ics என்று முடியும் கோப்பு வருமே, அதுதான். அதில் ஒரு நிகழ்வின் நிலையைச் சொல்ல மூன்று சொற்கள் உண்டு.

```
STATUS:TENTATIVE
STATUS:CONFIRMED
STATUS:CANCELLED
```

தற்காலிகம், உறுதி, ரத்து. நம் வேலைக்கு இது போதும் என்று தோன்றும். ஆனால் தற்காலிகம் என்றால் எதுவரை தற்காலிகம்? அதைச் சொல்ல அந்த வடிவத்தில் ஓர் இடமே கிடையாது. துண்டு போட வழி இருக்கிறது. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எழுத வழியில்லை. ஹோல்டு தானாகக் காலாவதி ஆகாது. ஒரு மனிதர் வந்து எடுக்கும் வரை கிடக்கும், அல்லது அந்த நேரம் வந்து வீணாகும் வரை கிடக்கும்.

போதாததற்கு, பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாத் தற்காலிகமும் ஒரே மாதிரி இருக்கிறது. அவுட்லுக்கில் சாய்வுக் கோடு போட்ட கட்டம் ஒன்று தெரியும். நான் ஹோல்டு என்று நினைத்தே அதை Tentative என்று குறித்திருக்கலாம். அல்லது அழைப்பு வந்து அவர் இன்னும் பதிலே சொல்லாமல் இருக்கலாம். பதில் சொல்லாத அழைப்பும் கேலண்டரில் தற்காலிகமாகத்தான் போய் உட்காரும். அல்லது அவர் யோசித்தே "வரலாம், வராமலும் போகலாம்" என்று பதில் சொல்லியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமில்லை. கூகுள் கேலண்டரில் இன்னும் சுருக்கம். நிகழ்வைப் போடுகிறவருக்கு Busy அல்லது Free என்று இரண்டே தேர்வு. Free என்று போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். எனவே ஹோல்டும் Busy என்றே போகும், உறுதியான கூட்டத்துக்கு உள்ள அதே கனத்தோடு.

ஆக, இயந்திரம் சொல்லாததைத் தலைப்புதான் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் டீமில் இப்படிப் போடுகிறோம்:

```
HOLD 3/3 | R-214 | release by Tue 12:00 IST
```

R-214 என்பது அந்தப் பதவிக்கான எண். ஆள் பெயர் இல்லை. 3/3 என்றால் மூன்று மாற்றுகளில் இது மூன்றாவது, இவற்றில் ஒன்றுதான் நடக்கும் என்று பொருள். கடைசியில் இருப்பதுதான் உயிர். செவ்வாய் பன்னிரண்டு மணிக்குள் நான் உறுதி செய்யாவிட்டால் இந்த நேரம் உங்களுடையது. கெடுவை எப்படி வைப்பது என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு: முதல் மாற்று நாளுக்கு முந்தின நாள் நண்பகல். அதற்கு மேல் தள்ளினால் பேனல்காரர்களுக்கு அந்த மாலையில் வேறு எதையும் ஏற்பாடு செய்துகொள்ள நேரமிருக்காது. அதற்கு முன்னால் இழுத்தால் கேண்டிடேட்டை நெருக்குவது போலாகிவிடும்.

விடுவிப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. கேண்டிடேட் புதன் என்று சொன்ன கையோடு மற்ற இரண்டையும் அழிக்கக் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். முதலில் புதன் ஹோல்டையே திருத்தி உறுதியான அழைப்பாக மாற்றுவது. புதிதாக இன்னொன்றைப் போட்டுப் பழையதை அழிப்பது இல்லை. அப்படி அழித்தால் பேனலுக்கு முதலில் ரத்துச் செய்தி போய்ச் சேர்ந்து, அதைப் பார்த்த ஒருவர் அந்த நேரத்தை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவார். பட்டிருக்கிறேன். திருத்தியபின் மூன்று பேரும் ஏற்றுக்கொள்ளும் வரை காத்திருப்பது, அதிகம் போனால் அரை நாள். பிறகு மீதி இரண்டையும் ஒரே மூச்சில் விடுவிப்பது.

எங்கள் தொழிலில் சிலர், உறுதியான பிறகும் ஒரு ஹோல்டைக் கையில் வைத்துக்கொள்வார்கள். "ஒரு பாதுகாப்புக்கு" என்பார்கள். யாருக்குப் பாதுகாப்பு? நேரம் அவர்களுடையது, நிம்மதி நம்முடையது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வேண்டுமானால் லண்டன் டைரக்டர் மாதிரி வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதே அபூர்வம் என்கிற ஒருவரிடம் மட்டும், நேரடியாகக் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் வைத்துக்கொள்ளலாம். கேட்காமல் வைப்பது அடுத்தவர் திண்ணையில் நம் மூட்டையைப் போட்டு வைப்பது.

இனி அந்தச் செய்தி. கேலண்டர் தானாக அனுப்பும் ரத்துத் தகவலில் தலைப்புக்கு முன்னால் Canceled என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டு போகும். அவுட்லுக்கில் பெறுகிறவர் நீக்கும் வரை அந்தத் தலைப்போடேயே கேலண்டரில் நிற்கும். அதைப் பார்க்கிறவருக்கு மூன்று மாற்றில் ஒன்று போயிற்றா, நேர்காணலே போயிற்றா என்று தெரியாது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் கூட இரண்டு வரி எழுதுகிறோம். அவுட்லுக்கிலும் கூகுளிலும் ரத்து செய்யும்போது ஒரு குறிப்பு எழுத இடம் கொடுக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதைக் காலியாக விட்டு அனுப்புகிறார்கள்.

முன்பெல்லாம் நான் எழுதியது தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். சில காரணங்களால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் தேவைப்படவில்லை. தங்கள் புரிதலுக்கு நன்றி." பணிவு வழிகிறது. தகவல் இல்லை. எந்த வெள்ளி, எத்தனை மணி, புதன் இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. "தேவைப்படவில்லை" என்ற சொல்லில் வேறொரு முள் இருக்கிறது. நேரத்தைச் சொல்கிறோம், ஆனால் காதில் விழுவது "நீங்கள் தேவைப்படவில்லை" என்று.

இப்போது சேலத்துக்காரருக்கு சாட்டில் எழுதுவது இது: "வெள்ளி மாலை 5:30 ஹோல்டை எடுத்துட்டேங்க, அந்த நேரம் உங்களுது. R-214 புதன் 5:30க்கு உறுதி, அதுல மாற்றமில்லை. வச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றி." அவ்வளவுதான். முதல் வரியிலேயே நாளும் மணியும் வந்துவிட வேண்டும். பஸ்ஸுக்கு நடந்துகொண்டே போனில் பார்க்கிறவருக்கு அந்த வரிதான் தெரியும். காரணம் சொல்வதில்லை, ஏனென்றால் காரணம் என்று ஒன்றும் இல்லை. மூன்றில் ஒன்று நடப்பதாகத்தான் முதலிலேயே பேச்சு. மன்னிப்பும் கேட்பதில்லை. கெடுவுக்குள் விடுவித்தால் அதில் மன்னிக்க எதுவுமில்லை. கெடு தாண்டிப் போனால் மட்டும் கேட்கிறேன், அப்போது அது வெறும் மரியாதைச் சொல்லாக இருக்காது. லண்டனுக்கு எழுதும்போது அவருடைய மணியில் எழுதுவேன். கடிகாரம் மாறும் வாரத்தில் நம் மணியைப் போட்டால் அவர் தவறாகத்தான் கணக்குப் போடுவார்.

கேண்டிடேட் விஷயம் முழுக்க வேறு. அவர்களுக்கு ஹோல்டு அழைப்பு அனுப்பவே கூடாது என்பது என் முடிவு. வேலை தேடுகிறவர் காதில் ஹோல்டு என்றால் பதவியையே நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் துறையிலேயே அந்தச் சொல்லுக்கு அப்படியொரு வழக்கு இருக்கிறது. ஒருமுறை இரண்டு மாற்றுகளைக் கேண்டிடேட்டின் கேலண்டருக்கும் அனுப்பி, அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் மற்றதை ரத்து செய்தேன். உறுதி அழைப்புக்கு முன்னால் ரத்துத் தகவல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிடத்தில் போன். "மேடம், என்னை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?" குரல் நடுங்கியது. அதிலிருந்து அவர்களுக்கு மின்னஞ்சலில் மூன்று நேரத்தையும் எழுதிக் கேட்பதோடு சரி. அவர் தேர்ந்தெடுத்ததும், "புதன் 5:30 உறுதி, மற்ற இரண்டு நேரத்தை நீங்கள் ஒதுக்கி வைக்க வேண்டாம்" என்று ஒரே கடிதத்தில், உறுதியை முதலிலும் விடுவிப்பைப் பின்னாலும் எழுதுகிறேன். அவரும் அங்கே மேலாளரிடம் பல் டாக்டர், பேங்க் வேலை என்று ஏதாவது சொல்லி மூன்று மாலையைப் பிடித்து வைத்திருப்பார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சில வாரம் கழித்து மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை ஹோல்டு, அதே சேலத்துக்காரரோடு. தலைப்பில் கெடு செவ்வாய் பன்னிரண்டு மணி. அன்றைக்கு ஒரு கூட்டம் இழுத்துவிட்டதில் நான் விடுவிப்புச் செய்தி அனுப்பும்போது மணி 12:40. தாமதத்துக்கு மன்னிப்போடு சேர்த்து அனுப்பினேன்.

"பரவால்லீங்க," என்று பதில் வந்தது. "பன்னெண்டு அஞ்சுக்கே டிக்கெட் போட்டுட்டேன்."

கீழே ஒரு படம். வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி பஸ், ஜன்னலோர சீட்.